பிடித்த ஊருக்கு ராணுவம் உரிமையாளர் ஆகாது: ஆக்கிரமிப்புச் சட்டம், ஈராக்கை வைத்து

2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் அமெரிக்கப் படைகளின் கைக்குப் போனது. அடுத்த நாளிலிருந்து மூன்று நாட்களுக்கு அங்கிருந்த ஈராக் தேசிய அருங்காட்சியகத்தைக் கொள்ளைக்காரர்கள் சாவகாசமாகச் சூறையாடினார்கள். சுமார் 15,000 பொருட்கள் போயின. எடுத்தவர்கள் அமெரிக்க வீரர்கள் இல்லை, உள்ளூர் ஆட்கள்தான். ஆனால் அமெரிக்க டாங்கிகள் கொஞ்ச தூரத்திலேயே நின்றுகொண்டிருந்தன. அருங்காட்சியகத்துக்குக் காவல் வந்தது ஏப்ரல் 16 அன்றுதான். அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், தேசிய நூலகம் எல்லாம் இதே கதிக்கு ஆளாயின. எண்ணெய் அமைச்சகத்தை மட்டும் வீரர்கள் காவல் காத்தார்கள் என்று அப்போது வந்த செய்திகள் எல்லாம் எழுதின. அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் இதைப் பற்றிக் கேட்டபோது, இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டுப் போனார்.

நடக்கத்தான் செய்யும், சரி. ஆனால் யார் பொறுப்பு? போரில் ஒரு நாட்டின் ராணுவம் இன்னொரு நாட்டின் நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த நிலத்தில் வாழும் மக்களுக்கு அது என்ன செய்ய வேண்டும், அங்கிருக்கும் சொத்தில் எதைத் தொடலாம், அங்கிருக்கும் நிர்வாகத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்வதுதான் ஆக்கிரமிப்புச் சட்டம். முக்கியமான விதிகள் இரண்டு ஆவணங்களில் இருக்கின்றன. ஒன்று 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகள், அதில் 42 முதல் 56 வரையிலான பிரிவுகள். இன்னொன்று 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை. முதலாவது பெரும்பாலும் நிர்வாகத்தையும் சொத்தையும் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது மனிதர்களைப் பற்றி.

இந்தச் சட்டத்தை விளக்க ஈராக்கை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பொதுவாக எந்த நாடும் "ஆமாம், நாங்கள் ஆக்கிரமித்திருக்கிறோம்" என்று ஒப்புக்கொள்வதே கிடையாது. விடுதலை செய்யப் போனோம், அழைத்ததால் போனோம், அது எங்கள் நிலம்தான் என்று ஏதாவது சொல்வார்கள். ஈராக்கில் மட்டும் அமெரிக்காவும் பிரிட்டனும் தாங்கள் ஆக்கிரமித்த நாடுகள் என்பதை ஏற்றுக்கொண்டன, 2003 மே 22 அன்று ஐநா பாதுகாப்புச் சபையின் 1483ஆம் தீர்மானம் அதை எழுத்திலும் பதிவு செய்தது. முடிவுக்கும் ஒரு தேதி இருக்கிறது, 2004 ஜூன் 28. ஆக, தொடக்கமும் முடிவும் தெரிந்த ஒரு பதினான்கு மாதக் கதை. அதற்குள் இந்தச் சட்டம் மீறப்படக்கூடிய இரண்டு எதிரெதிர் வழிகளும் வந்துவிடுகின்றன: கட்டாயம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது ஒன்று, செய்யவே கூடாததை உற்சாகமாகச் செய்வது இன்னொன்று.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். போர் நியாயமானதா என்ற கேள்விக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. ஈராக் மீது படையெடுத்ததே சட்டவிரோதம் என்று வாதிடுபவர்கள் ஏராளம். அது வேறு சட்டம், வேறு விவாதம். ஆக்கிரமிப்புச் சட்டம் அதைக் கேட்பதே இல்லை. சரியான காரணத்துக்காகப் போனவருக்கும் தவறான காரணத்துக்காகப் போனவருக்கும் அது ஒரே கடமைகளைத்தான் சுமத்துகிறது. ஏனென்றால் அங்கே வாழும் மக்களுக்கு இரண்டிலும் நிலைமை ஒன்றுதான்: தாங்கள் தேர்ந்தெடுக்காத ஓர் அந்நிய ராணுவத்தின் கையில் இருக்கிறார்கள்.

ஆக்கிரமிப்பு எப்போது தொடங்குகிறது? ஹேக் விதிமுறைகளின் 42ஆம் பிரிவு சொல்வது எளிமையானது. எதிரி ராணுவத்தின் அதிகாரத்துக்குள் ஒரு நிலப்பகுதி உண்மையிலேயே வந்துவிட்டால் அது ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி, அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவு தூரத்துக்கு. அறிவிப்பு தேவையில்லை, கையெழுத்து தேவையில்லை, நிர்வாக அலுவலகம் திறக்க வேண்டியதில்லை. தரையில் என்ன நடக்கிறது என்பதுதான் அளவுகோல். பழைய அரசால் இனி அங்கே ஆள முடியவில்லை, வந்த ராணுவத்தால் முடியும், அதற்கு அந்த நாட்டின் சம்மதமும் இல்லை என்றால் போதும். அதனால் ஒரே நாட்டில் ஒரு மாவட்டம் ஆக்கிரமிக்கப்பட்டதாகவும் பக்கத்து மாவட்டம் இன்னும் போர்க்களமாகவும் இருக்கலாம்.

நடைமுறையில் இங்கேதான் சண்டை வருகிறது, ஏனென்றால் ஆக்கிரமிப்பு என்று ஒப்புக்கொண்டால் செலவும் பொறுப்பும் தலையில் விழும். காங்கோ ஜனநாயகக் குடியரசு உகாண்டா மீது சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கிழக்கு காங்கோவில் இதுரி என்ற பகுதியில் உகாண்டா ராணுவம் இருந்தது. 1999 ஜூனில் அங்கிருந்த உகாண்டா தளபதி ஒருவர் அந்தப் பகுதியைத் தனி மாகாணமாக்கி, அதற்கு ஓர் ஆளுநரையும் நியமித்தார். 2005 டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது நீதிமன்றம் இதை முக்கியமாகப் பார்த்தது. வெறுமனே படை நிறுத்துவது வேறு, ஆளுநரை நியமிப்பது வேறு, இரண்டாவதைச் செய்தவர் காங்கோ அரசின் இடத்தில் தன்னை உட்கார வைத்துவிட்டார் என்று சொல்லி, இதுரியில் உகாண்டா ஆக்கிரமித்த நாடு என்று முடிவு செய்தது. அதன் விளைவு பெரியது. உகாண்டா வீரர்கள் செய்த குற்றங்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பகுதியில் மற்ற ஆயுதக் குழுக்கள் செய்ததைத் தடுக்காமல் விட்டதற்கும் உகாண்டா பொறுப்பானது. 2022இல் நீதிமன்றம் நிர்ணயித்த இழப்பீடு மொத்தம் 32.5 கோடி டாலர். ஆளுநரை நியமித்தால்தான் ஆக்கிரமிப்பா, அதிகாரம் செலுத்தும் நிலையில் இருந்தாலே போதாதா என்று அந்தத் தீர்ப்பை விமர்சித்தவர்களும் உண்டு. எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. இல்லையென்றால் எதையும் நிர்வகிக்காமல் சும்மா துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் ராணுவம் பொறுப்பிலிருந்து தப்பித்துவிடும்.

இப்போது பாக்தாத்துக்குத் திரும்புவோம். ஹேக் விதிமுறைகளின் 43ஆம் பிரிவுதான் இந்தச் சட்டத்தின் முதுகெலும்பு. அதில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. முதல் பாதி: அதிகாரம் உன் கைக்கு வந்துவிட்டதால், பொது ஒழுங்கையும் மக்களின் அன்றாட வாழ்க்கையையும் மீட்டு நிலைநிறுத்த உன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய். இரண்டாம் பாதி: அப்படிச் செய்யும்போது, முற்றிலும் முடியாமல் போனாலொழிய, அந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கும் சட்டங்களை மதித்து நட. ஒரு பாதி "சும்மா இருக்காதே" என்கிறது, இன்னொரு பாதி "எல்லை மீறாதே" என்கிறது.

அருங்காட்சியகத்தில் மீறப்பட்டது முதல் பாதி. இதில் அமெரிக்கத் தரப்புக்கும் ஒரு வாதம் இருந்தது. ஏப்ரல் 10ஐ ஒட்டி அந்தப் பகுதியில் இன்னும் சண்டை நடந்துகொண்டிருந்தது, படை போதவில்லை, அதனால் ஆக்கிரமிப்பு முழுதாகத் தொடங்கவில்லை என்றார்கள். முதல் ஓரிரு நாளுக்கு அது கொஞ்சம் எடுபடும், சட்டமே "இயன்ற அளவு" என்றுதானே சொல்கிறது. ஆனால் ஒரு வாரம் கழித்து அந்த வாதம் நிற்காது. ஒரு கட்டடத்தைக் காக்க ஆள் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை என்றால், அது முடியாமல் போன விஷயமா, முன்னுரிமை கொடுக்காமல் விட்ட விஷயமா என்று யாரும் கேட்பார்கள். படையெடுப்பதற்கு முன்பே திட்டமிட வேண்டிய விஷயம் இது. ஒரு தலைநகரைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுபவர், பிடித்த மறுநாள் அதைக் காக்க எத்தனை பேர் வேண்டும் என்றும் போட்டாக வேண்டும்.

மக்களுக்கான கடமைகளை ஜெனீவா உடன்படிக்கை இன்னும் விரிவாகச் சொல்கிறது. தன்னிடம் உள்ள வசதிகளை முழுமையாகப் பயன்படுத்தி உணவும் மருந்தும் கிடைக்கும்படி செய்ய வேண்டும், உள்ளூரில் போதவில்லை என்றால் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும் (55ஆம் பிரிவு). மருத்துவமனைகளும் பொதுச் சுகாதாரமும் நடக்க வேண்டும் (56). அப்படியும் மக்களுக்குப் போதவில்லை என்றால், வெளியார் கொடுக்கும் நிவாரணத்தை அனுமதித்தே ஆக வேண்டும் (59). இந்தக் கடைசி விதியில் விருப்பம் என்பதே இல்லை, "அனுமதிக்கலாம்" என்று அது சொல்லவில்லை. ஈராக்கில் இந்த விஷயம் ஓரளவு நன்றாகவே நடந்தது என்று சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்திலிருந்தே அங்கே ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் அரசு ரேஷனை வாங்கிக்கொண்டிருந்தன, பாதிக்கு மேற்பட்ட மக்களுக்கு அதுதான் முக்கிய உணவு. வந்த நிர்வாகம் அந்த அமைப்பைக் கலைக்கவில்லை. அதே பட்டியல், அதே உள்ளூர் விநியோகஸ்தர்கள், அதே அமைச்சக ஊழியர்கள் என்று தொடர்ந்து நடத்தியது. இருக்கும் நிர்வாகத்தைக் கையில் எடுத்து ஓட்டு என்று இந்தச் சட்டம் எதிர்பார்ப்பதன் அர்த்தம் இதுதான்.

சிறைப்பிடிப்பில் கதை நேர்மாறு. ஆக்கிரமித்த நாடு குற்றம் சாட்டாமலேயே ஒருவரை அடைத்து வைக்கலாம், ஆனால் பாதுகாப்புக்கு அது தவிர்க்கவே முடியாத தேவையாக இருந்தால் மட்டும் (78ஆம் பிரிவு). அவருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு, முடிந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனையும் நடக்க வேண்டும். ஆளாளுக்குத் தனித்தனியாக ஆராய்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. ஒரு தெருவில் குண்டு வெடித்தது என்பதற்காகத் தெருவையே தண்டிக்க முடியாது, கூட்டுத் தண்டனைக்கு ஹேக்கும் ஜெனீவாவும் இரண்டுமே தடை போடுகின்றன. ஈராக்கில் நடந்தது என்ன? சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 2004 பிப்ரவரியில் கொடுத்த ரகசிய அறிக்கை பிறகு வெளியே கசிந்தது. பிடிபட்டவர்களில் 70 முதல் 90 சதவீதம் பேர் தவறாகப் பிடிக்கப்பட்டவர்கள் என்று ராணுவ உளவுத் துறை அதிகாரிகள் சிலரே மதிப்பிட்டதாக அதில் இருந்தது. அபு கரைப் சிறையில் கைதிகளை அமெரிக்க வீரர்கள் சித்திரவதை செய்த படங்கள் வெளியானது அதற்கு இரண்டு மாதம் கழித்து. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சித்திரவதை தனியாக வந்து முளைக்கவில்லை, யாரை எதற்குப் பிடித்தோம் என்றே தெரியாமல் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்து குவித்த இடத்தில் முளைத்தது.

மக்களைப் பற்றி இன்னொரு விதி, ஈராக்கில் எழவில்லை என்றாலும் சொல்லாமல் விட முடியாது. ஜெனீவாவின் 49ஆம் பிரிவு இரண்டு திசையிலும் கதவை மூடுகிறது. அங்கிருக்கும் மக்களைக் கட்டாயப்படுத்தி வெளியேற்றக் கூடாது. தன் சொந்த மக்களில் ஒரு பகுதியை உள்ளே கொண்டுவந்து குடியேற்றவும் கூடாது. 1967இலிருந்து இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் பாலஸ்தீனப் பகுதிகளில் உள்ள குடியிருப்புகள் பற்றிய விவாதத்தின் சட்ட மையம் இந்த ஒரு வரிதான். அந்த நிலம் முன்பு வேறெந்த நாட்டுக்கும் முறையாகச் சொந்தமாக இருக்கவில்லை, அதனால் உடன்படிக்கை சட்டப்படி அங்கே பொருந்தாது என்பது இஸ்ரேலின் நெடுநாளைய வாதம். சர்வதேச நீதிமன்றம் 2004இலும் 2024இலும் கொடுத்த ஆலோசனைக் கருத்துகளில் அதை ஏற்கவில்லை. நிலத்தின் உரிமைப் பத்திரம் யார் பெயரில் என்பது இங்கே கேள்வியில்லை, ராணுவம் அங்கே எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

அடுத்தது சொத்து. இதில் முதலில் யாருடைய சொத்து என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் என்ன செய்யலாம் என்பது. தனியார் சொத்தைப் பறிமுதல் செய்யக் கூடாது, கொள்ளை அடியோடு தடை. ராணுவத்துக்குத் தேவை என்றால் வண்டியோ வீடோ தானியமோ கேட்டு வாங்கலாம், ஆனால் அந்தப் பகுதியில் இருக்கும் ஆக்கிரமிப்புப் படையின் தேவைக்கு மட்டும், ஊரால் தாங்க முடிந்த அளவுக்கு மட்டும். கையோடு காசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ரசீது கொடுத்துவிட்டுச் சீக்கிரம் பணம் தர வேண்டும். ரசீது என்பது அற்ப விஷயமாகத் தெரியும். ஆனால் எடுத்தது கோரிப் பெற்றதா கொள்ளையா என்று பின்னால் தெரிந்துகொள்ள அதுவே முதல் வழி. முன்னே சொன்ன செஞ்சிலுவை அறிக்கையிலேயே, சோதனைக்கு வந்த வீரர்கள் பணத்தையும் கார்களையும் எடுத்துப் போனதாக நிறையப் புகார்கள் இருந்தன, ரசீது கொடுத்தது வெகு சிலருக்குத்தான்.

அரசுச் சொத்தில் அசையும் பொருள், அசையாச் சொத்து என்று இரண்டு வகை. எதிரி அரசின் பணம், ஆயுதக் கிடங்கு, வாகனங்கள் மாதிரி போருக்குப் பயன்படும் அசையும் பொருளை எடுத்துக்கொள்ளலாம். அசையாச் சொத்தான கட்டடம், காடு, விவசாய நிலம், எண்ணெய் வயல் ஆகியவற்றில் பயனை அனுபவிக்கும் உரிமை மட்டும்தான் உண்டு, மூலதனம் குறையாமல் பாதுகாக்க வேண்டும் (ஹேக் 55). தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் காயைப் பறிக்கலாம், மரத்தை வெட்டி விற்க முடியாது அல்லவா, அதே கதைதான். பள்ளி, கோயில், அருங்காட்சியகம், நகராட்சிச் சொத்து எல்லாம் அரசுக்குச் சொந்தமாக இருந்தாலும் தனியார் சொத்தைப் போலவே நடத்தப்பட வேண்டும் (56).

எண்ணெய் வந்ததும் இது சிக்கலாகிறது, ஏனென்றால் இறைத்த எண்ணெய் மறுபடி காய்க்காது. 1942இல் ஜப்பான் சுமத்ராவைப் பிடித்தபோது அங்கே டச்சு எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொந்தமான கிணறுகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் இருந்தன. ஜப்பான் அவற்றை எடுத்து ஓட்டி, எண்ணெயைத் தன் போர்த் தேவைக்கும் தாய்நாட்டின் தேவைக்கும் கொண்டுபோனது. அதில் ஒரு பகுதி சிங்கப்பூரில் சேமிக்கப்பட்டிருந்தது. 1945இல் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை, எதிரி அரசின் சரக்கு என்று சொல்லி அதைப் போரில் வென்ற பொருளாகக் கைப்பற்றியது. நிறுவனங்கள் "அது எங்கள் எண்ணெய்" என்று இழப்பீடு கேட்டன. வழக்கு 1956இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்தது. எண்ணெய் ஜப்பானுக்குச் சொந்தமாகியிருந்தால் பிரிட்டன் எடுத்தது சரி, ஆகவில்லை என்றால் நிறுவனங்களுக்கே சொந்தம். கேள்வி அவ்வளவுதான்.

ஜப்பானுக்குச் சொந்தமாகவில்லை என்றது நீதிமன்றம். அதன் காரணங்களைக் கவனித்தால் மேலே சொன்ன விதிகள் வேலை செய்வது தெரியும். ஜப்பான் எடுத்தது சுமத்ராவில் இருந்த படையின் தேவைக்காக அல்ல, ஒரு முழு நாட்டின் போர்ப் பொருளாதாரத்துக்காக, அதனால் அது கொள்ளை. போர்த் தளவாடங்கள் தனியாருடையதாக இருந்தாலும் ராணுவம் கைப்பற்றலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு, ஆனால் பூமிக்கடியில் கிடக்கும் கச்சா எண்ணெயைத் தோண்டி எடுத்துச் சுத்திகரித்தால்தான் பயன்படுத்தவே முடியும், அதைத் தளவாடம் என்று சொல்ல முடியாது. ஆக, கொள்ளையடித்தவருக்கு உரிமை பிறக்கவில்லை, அவரிடமிருந்து கைப்பற்றிய நேச நாட்டுப் படைக்கும் பிறக்கவில்லை. எண்ணெய் எத்தனை கை மாறினாலும் உரிமையாளர் மாறவில்லை.

அரசுக்குச் சொந்தமான எண்ணெயில் இதே கேள்வி வேறு மாதிரி வரும். ஏற்கெனவே ஓடும் கிணற்றிலிருந்து இறைக்கலாம் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள், புதுக் கிணறு தோண்டலாமா என்பதில்தான் சண்டை. 1976இல், சினாய் பகுதியையும் சூயஸ் வளைகுடாவையும் ஒட்டி இஸ்ரேல் புதிய கிணறுகள் தோண்டியபோது, ஆக்கிரமித்த நாட்டுக்கு அந்த உரிமை இல்லை என்று ஒரு சட்டக் குறிப்பு எழுதியது வேறு யாருமல்ல, அமெரிக்க வெளியுறவுத் துறைதான். 27 ஆண்டுகள் கழித்து அதே அமெரிக்காவின் கையில் ஈராக்கின் எண்ணெய். இந்த முறை பாதுகாப்புச் சபைத் தீர்மானமே வழி சொல்லிவிட்டது: எண்ணெய் விற்ற பணத்தில் 95 சதவீதம் ஈராக் மேம்பாட்டு நிதியம் என்ற தனிக் கணக்குக்கும், 5 சதவீதம் 1991 வளைகுடாப் போரின் இழப்பீட்டு நிதிக்கும் போக வேண்டும், மேம்பாட்டு நிதியை ஈராக் மக்களின் நன்மைக்கு மட்டும் செலவிட வேண்டும், சர்வதேசக் கண்காணிப்புக் குழு கணக்குப் பார்க்கும். படையெடுப்பின் செலவை அதிலிருந்து எடுக்க முடியாது. அந்தப் பணம் செலவான விதத்தில் கணக்குச் சரியில்லை என்று தணிக்கையாளர்கள் பிறகு கடுமையாக எழுதினார்கள், அது வேறு.

கடைசியாக உள்ளூர் நிர்வாகம். ஈராக்கில் 43ஆம் பிரிவின் இரண்டாம் பாதி மீறப்பட்டது இங்கேதான் என்பது என் கருத்து. கூட்டணி இடைக்கால அதிகாரம் என்ற பெயரில், அமெரிக்கா நியமித்த பால் பிரெமர் தலைமையில் ஒரு நிர்வாகம் உட்கார்ந்தது. முதல் ஆணை 2003 மே 16 அன்று வந்தது, அதுவரை ஆண்ட சதாம் உசேனின் பாத் கட்சியில் மேல்மட்ட நான்கு நிலைகளில் இருந்தவர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. ஒரு வாரத்தில் இரண்டாவது ஆணை, ராணுவத்தையே கலைத்தது, பல லட்சம் பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. செப்டம்பர் 19 அன்று 39ஆவது ஆணை, அந்நியர்கள் ஈராக்கிய நிறுவனங்களை நூற்றுக்கு நூறு சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்றது, எண்ணெய் போன்ற இயற்கை வளங்களுக்கும் வங்கி, காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மட்டும் விலக்கு. அதுவரை ஈராக்கின் சட்டம் அதை அனுமதித்ததில்லை.

இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. அதிகாரிகளைப் பதவியிலிருந்து நீக்கும் உரிமை ஆக்கிரமித்த நாட்டுக்கு உண்டு, ஜெனீவா உடன்படிக்கையின் 54ஆம் பிரிவே அதை விட்டு வைத்திருக்கிறது. அது தடுப்பது வேறு: மனசாட்சி காரணமாக வேலைக்கு வர மறுக்கும் அதிகாரியையோ நீதிபதியையோ தண்டிப்பதையும் வற்புறுத்துவதையும். ஆகவே முதல் ஆணையைச் சட்டவிரோதம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. ஆனால் பள்ளி ஆசிரியரும் மருத்துவமனை நிர்வாகியும் அதில் சேர்ந்து போனபோது, 43ஆம் பிரிவின் முதல் பாதியான அன்றாட வாழ்க்கையை ஓட்டும் கடமை அடிபட்டது. ராணுவத்தைக் கலைத்ததும் அப்படித்தான். எதிரி ராணுவத்தைக் கலைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, ஆயுதம் தெரிந்த லட்சக்கணக்கானவர்களைச் சம்பளமில்லாமல் தெருவில் விட்டுவிட்டுப் பொது ஒழுங்கை எப்படிக் காப்பாய் என்றுதான் அது கேட்கும். மாதாந்திர உதவித்தொகை அறிவிப்பு வர ஒரு மாதம் ஆனது.

சட்டத்தை மாற்றுவதற்கும் இடம் உண்டு, எல்லையோடு. தன் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாகவோ உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தத் தடையாகவோ இருக்கும் சட்டத்தை நிறுத்தலாம் (64ஆம் பிரிவு). 2003 ஜூனில் வந்த ஏழாவது ஆணை இதற்குப் பொருத்தமான உதாரணம். 1969ஆம் ஆண்டின் ஈராக்கியத் தண்டனைச் சட்டம் தொடர்ந்து செல்லும் என்றது, சித்திரவதையைத் தடை செய்தது, மரண தண்டனையை நிறுத்தி வைத்தது. கவனியுங்கள், நிறுத்தி வைத்தது, ஒழிக்கவில்லை. இறைமை திரும்பிய பிறகு 2004 ஆகஸ்டில் ஈராக்கின் இடைக்கால அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த முடிவு நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

39ஆவது ஆணைக்கு இப்படி எந்தச் சாக்கும் பொருந்தாது. ராணுவத்தின் பாதுகாப்புக்கும் அந்நிய முதலீட்டுக்கும் என்ன சம்பந்தம்? இந்த ஆபத்து முன்கூட்டியே தெரிந்துதான் இருந்தது. 2003 மார்ச் 26 அன்று, பாக்தாத் விழுவதற்கு முன்பே, பிரிட்டன் அரசின் தலைமை வழக்கறிஞர் கோல்ட்ஸ்மித் பிரபு தன் பிரதமருக்கு ஒரு குறிப்பு எழுதினார். பெரிய கட்டமைப்புப் பொருளாதாரச் சீர்திருத்தங்களைத் திணிக்கச் சர்வதேசச் சட்டம் இடம் தராது, பாதுகாப்புச் சபையின் தனி அனுமதி வேண்டும் என்று அதில் இருந்தது. 1483ஆம் தீர்மானம் அந்த அனுமதியைக் கொடுத்ததா என்பதுதான் இன்றுவரை சட்ட அறிஞர்கள் பிரிந்து நிற்கும் இடம். பொருளாதார மறுசீரமைப்பைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறது. ஹேக், ஜெனீவா கடமைகளை முழுமையாகப் பின்பற்று என்றும் அதே தீர்மானத்தில் இன்னொரு வரி இருக்கிறது. முதல் வரியை வைத்து இரண்டாவதை அழித்துவிட முடியாது என்றுதான் நான் படிக்கிறேன்.

உள்ளூர் ஆட்களைக் கொண்டு கையெழுத்துப் போட வைத்தால் சரியாகிவிடுமா? 2003 ஜூலையில் 25 ஈராக்கியர்கள் கொண்ட ஆட்சி மன்றக் குழு ஒன்றை பிரெமர் அமைத்தார். ஆனால் இந்தத் தந்திரம் சட்டத்துக்குப் பழகியதுதான். ஆக்கிரமித்த நாடு உள்ளூர் அதிகாரிகளோடு செய்துகொள்ளும் எந்த ஒப்பந்தமும் மக்களின் பாதுகாப்புகளைப் பறிக்க முடியாது என்று ஜெனீவாவின் 47ஆம் பிரிவு முன்பே எழுதி வைத்திருக்கிறது.

2004 ஜூன் 28 அன்று, அறிவித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக, அதிகாரம் ஈராக்கின் இடைக்கால அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. படைகள் போகவில்லை, லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கேயே இருந்தார்கள், ஈராக்கிய அரசின் சம்மதத்தோடு இருக்கிறார்கள் என்பது மட்டும் மாறியது. அது எவ்வளவு உண்மையான சம்மதம் என்று கேட்கலாம்தான். இரண்டு நாள் கழித்து சதாம் உசேனின் சட்டப்படியான காவல் ஈராக்குக்கு மாற்றப்பட்டது, ஆளை மட்டும் அமெரிக்கர்களே வைத்திருந்தார்கள். தொடக்கத்துக்குத் தரையில் உள்ள நிலைமைதான் அளவுகோல் என்றால் முடிவுக்கும் அதுதான் இருக்க வேண்டும், ஆனால் பாதுகாப்புச் சபை 1546ஆம் தீர்மானத்தில் ஆக்கிரமிப்பு ஜூன் 30க்குள் முடியும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டதால் பல நாடுகள் அதற்கு மேல் கேட்கவில்லை.

பிரெமரின் ஆணைகள் என்ன ஆயின? ஆக்கிரமிப்பு முடிந்தால் அவையும் முடிந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒப்படைப்புக்கு மூன்றரை மாதம் முன்பு, 2004 மார்ச் 8 அன்று, ஆட்சி மன்றக் குழு கையெழுத்திட்ட இடைக்கால நிர்வாகச் சட்டத்தில், இந்த ஆணைகள் முறைப்படி நீக்கப்படும்வரை செல்லும் என்று ஒரு விதி சேர்க்கப்பட்டிருந்தது. அந்நிய முதலீட்டுக்கான 39ஆவது ஆணைக்குப் பதிலாக ஈராக்கின் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் தன் சொந்தச் சட்டத்தை நிறைவேற்றியது 2006இல்தான்.